சஹர் நேரத்துப் பூண்டு வாசனை

"சுவிட்சைப் போடறப்போ உள்ள ஒரு சின்னப் பொறி பறக்கும், தெரியுமா?"

"சும்மா வுடாதடா."

"எங்கப்பா கரண்டு வேலை செய்யறாரு. நிறுத்தறப்பவும் பறக்கும்."

வகுப்புத் தோழன் இருதயராஜ் பள்ளிக்கூட வாசலில் இப்படிப் பெருமையடித்தது, பதினான்கு வயது ஜியாவுல்லாவுக்கு அந்த இருட்டில் சட்டென்று நினைவுக்கு வந்தது.

அது ரமலான் மாதம். ஆம்பூரில் இரவு முழுக்க மழை கொட்டி, அப்போதுதான் ஓய்ந்திருந்தது. விடிவதற்கு முன் எழுந்து, நோன்பு பிடிக்கச் சாப்பிடும் சஹர் உணவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஜியாவை எழுப்பியது ஒரு வாசனை. காரமான பூண்டு வாசனை.

'அம்மா சமைக்கிறாங்களா?'

அம்மா சுகரா பேகம் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் நெருப்பே இல்லை. பின்னே பூண்டு எங்கிருந்து வருகிறது?

பின்கட்டு அறைக் கதவருகே போனான். உள்ளே 'ஸ்ஸ்' என்று ஏதோ சீறியது.

பெரியப்பா அப்துல் சமத் கல்யாண ஊர்வலங்களுக்கு விளக்கு வாடகைக்கு விடுபவர். அந்த விளக்குகளுக்கான கார்பைடு கல் டின்கள் அந்த அறையில்தான் இருந்தன. அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் பூண்டு வாடையடிக்கும் கியாஸ் வரும். கியாஸில் ஒரு பொறி பட்டால் வீடே வெடிக்கும். ஓடு ஒழுகி டின்னுக்குள் தண்ணீர் போய்விட்டது!

அம்மாவை உலுக்கினான். "அம்மா, விளக்கு ஏத்தாதீங்க. அப்படியே வெளிய போங்க!"

அதற்குள் கூடத்தில் பெரியப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். "இன்னாடா சத்தம்?" என்றபடி சுவரில் சுவிட்சைத் தேடினார். வீட்டுக்கு மின்விளக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"கை வைக்காதீங்க!"

பெரியப்பாவிடம் ஜியா இதுவரை குரல் உயர்த்தியதே இல்லை. அவர் கை அந்தரத்தில் நின்றது.

"திமிரா உனக்கு? உங்கம்மா பூண்டு வதக்கறா, அதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"அடுப்பே பத்த வைக்கல பெரியப்பா! கார்பைடு நனைஞ்சு போச்சு. சுவிட்சுல பொறி வரும்!"

அவர் ஒருமுறை நன்றாக மோந்து பார்த்தார். கையை மெல்ல இறக்கினார். அம்மாவுக்குப் பின்னால் அவரும் வாசலுக்கு நடந்தார்.

கூடத்து ஜன்னல்களை ஜியா ஒவ்வொன்றாகத் திறந்தான். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் அகலத் திறந்து வைத்தான். கியாஸ் நிறைந்திருந்த அறைக்குள் மட்டும் போகவில்லை. கொல்லைப் பக்கம் சுற்றி வந்து, அந்த அறையின் ஜன்னல் பலகையை வெளியிலிருந்தே பிடித்து இழுத்தான். மழையில் ஊறிய பலகை நகர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததும் திறந்தது. குப்பென்று வந்த வாடையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினான்.

தெருவில் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தன. இன்னும் சற்று நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரியும்!

டம் டம் என்று தகர ஓசை கேட்டது. சஹருக்கு எழுப்பும் மஹபூப் பாஷா, அரிக்கேன் விளக்கோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஜியா வெறுங்காலோடு ஓடினான். "பாஷா பாய், அங்கயே நில்லுங்க! விளக்கோட வராதீங்க. கார்பைடு கியாஸ்!"

பாஷா விளக்கைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு வந்தார். "இப்ப இன்னான்னு சொல்லி எழுப்பறது? நான் இருவது வருசமா 'அடுப்பு மூட்டுங்க'ன்னுதான் கூவறேன்."

"மூட்டாதீங்கன்னு கூவுங்க!"

பாஷா தகரத்தைத் தட்டிக் கூவினார். "எழுந்திரிங்க! அடுப்பு மூட்டாதீங்க! விளக்கு ஏத்தாதீங்க! வெளிய வாங்க!"

ஜியா கதவு கதவாகத் தட்டினான். எதிர்வீட்டு மஹ்பூபி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "இன்னா பாஷா, இன்னிக்கு நோன்பு இல்லியா?"

"நோன்பு இருக்கு, நெருப்புதான் இல்ல! புள்ளைங்கள இட்டுனு வா!"

ஒருவர் டார்ச் விளக்கோடு வந்தார். "அதுலயும் சுவிட்ச் இருக்கு, தொடாதீங்க!" என்றான் ஜியா. அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

தெருவே தட்டுத் தடுமாறித் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த தெருவிலிருந்து கஞ்சியும் வாழைப்பழமும் வந்தன. மஹ்பூபியின் பிள்ளைகள் இதைத் திருவிழா என்று நினைத்துக் குதித்தார்கள்.

விடியும்போது வாடை ஓய்ந்துவிட்டது. பெரியப்பா வெளிச்சத்தில் தனியாகப் போய், அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஒரு டின்னோட மூடி சரியா மூடல. ஓட்டுத் தண்ணி நேரா அதுல விழுந்திருக்கு. கல்லு மொத்தமும் கரைஞ்சு சுண்ணாம்பாப் போச்சு." அவர் ஜியாவின் தோளில் கை வைத்தார். "நான் சுவிட்சைப் போட்டிருந்தா…"

மஹ்பூபி தன் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

ஜியாவுக்குப் பின்னால் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டபடி நின்றிருந்தாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் கணவரின் அண்ணனிடம் நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. எது வேண்டுமானாலும் ஜியா வழியாகத்தான் சொல்லி அனுப்புவாள். ஒரு விஷயத்தை மட்டும், அவர் பிழைப்பாயிற்றே என்று, ஜியாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

இப்போது அவள் மகனைத் தாண்டி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"பாய் சாப்," என்றாள். குரல் மெல்லியதாக இருந்தாலும் தெரு முழுக்கக் கேட்டது. "அந்த டின்னுங்கள இனிமே நம்ம வூட்ல வைக்காதீங்க. மூணு வருசமா கேக்கணும்னு இருந்தேன்."