மூடிய இழை

மறுபடியும் அந்தக் கறை. முந்தின நாள் வீடியோவில் கேட்டோரமாக இருந்தது. இன்றைய சோதனைப் படத்தில் ஒரு முழம் உள்ளே வந்திருந்தது. லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. தரையைப் பார்த்தால் ஒன்றுமில்லை. கழுவிவிட்ட கல் தரை, ஈர வாசனை, விடியலுக்கு முந்தைய சாம்பல் வெளிச்சம், அவ்வளவுதான்.

ஒரு கோலத்தைப் படமெடுக்க இத்தனை பாடு. முதல் நாள் வெளிச்ச அளவைப் பூட்ட மறந்ததில், வெளிச்சம் ஏற ஏறப் படம் கண் சிமிட்டியது. அடுத்த நாள் பாதியில் கணவன் வெளியூரிலிருந்து போன் செய்து எல்லாவற்றையும் கெடுத்தான். இன்று பண்டிகை, இன்று விட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை. ஸ்டாண்டை மதில் மூலையில் நிறுத்தி, கேட்டிலிருந்து வாசற்படிவரை தெரியும்படி வைத்தாள். போனை யாரும் அழைக்காதபடி செய்து, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டினாள். இரண்டு நொடிக்கு ஒரு படம். ஒரு மணி நேர வேலை ஒரு நிமிடத்தில் ஓடிவிடும்.

"அண்ணி, கையால போட்டோமா, காபியக் குடிச்சோமான்னு இல்லாம எதுக்கு இந்தக் கூத்து?" உள்ளிருந்து நாத்தனார் கேட்டாள்.

"பட்டு எழுந்தா மட்டும் கூப்பிடு. அதுவரைக்கும் சும்மா இரு தாயே."

பட்டு, அவளுடைய ஏழு மாதக் குழந்தை, கூடத்துத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஏழு புள்ளி. இருபுறமும் இடைப்புள்ளியாக ஆறு, ஐந்து, நாலு. பொடி காற்றில் பறக்கிறதென்று இன்று அரிசியை ஊறவைத்து அரைத்திருந்தாள். மாவில் துணித்துண்டை நனைத்து, விரல்களுக்கிடையே பிழிந்து, புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி இழையை ஓட்டினாள். ஈரத்தில் மங்கலாகத் தெரியும் கோடு காயக் காய வெளுக்கும். படத்தில் அது தானாக மலர்வதுபோல் வரும். கீழே போடவேண்டிய வாசகமும் தயார்: 'ஒரே இழை, தொடங்கிய இடத்திலேயே முடியும். மூடிய கோட்டுக்குள் வெளியே உள்ளது வராது, உள்ளே உள்ளது போகாது.'

கேட்டுப் பக்கம் கடைசி வளைவு பாக்கி இருக்கும்போது மாவு தீர்ந்தது. எரிச்சலில் அழுகையே வந்தது. கோட்டை அப்படியே திறந்துபோட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடி, மிச்ச மாவைக் கரைத்து எடுத்துவந்து, வளைவை மூடினாள்.

படியில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டினாள்.

புள்ளிகள் பூத்தன. கோடு ஓடியது. கேட்டோரத்தில் கறை.

நகர்ந்தது.

கடிகாரத்தின் சின்ன முள்போல, கண்ணுக்குத் தெரியாத மெதுவில் வந்துகொண்டிருந்தது. வேகமாக ஓட்டினால் மட்டும் தெரிகிறது. அவள் குனிந்து வளைவு போடும்போது அவளுடைய பாதத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. அவள் எழுந்து போகிறாள். அது வேகமெடுத்து, திறந்த கோட்டின் வழியாக உள்ளே நுழைகிறது. புள்ளி எதையும் மிதிக்காமல் கோலத்தைக் கடக்கிறது. படியேறுகிறது.

பிறகு அவள் வருகிறாள். கவனமாக, அழகாக, கோட்டை மூடுகிறாள்.

"பட்டு!"

"ஏன் இப்படிக் கத்தறீங்க? நல்லாத் தூங்குறா," என்றபடி நாத்தனார் குளிக்கப் போனாள்.

கூடம் எப்போதும்போல் இருந்தது. மின்விசிறியின் முனகல். பால் வாசனை. மின்விசிறியைத் தவிர அசையும் பொருள் ஒன்றுமில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? போனை அலமாரியில் சாய்த்துத் தொட்டிலை நோக்கி மறுபடியும் படமெடுக்க விட்டாள். குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தை சிணுங்கவில்லை. மடி சில்லென்றிருந்தது. நனைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றபோது எட்டிப் போனை எடுத்தாள். ஓட்டினாள்.

தொட்டில். அவள் குனிகிறாள். தூக்குகிறாள். உட்கார்கிறாள். அவள் கைகளுக்குள் கறுப்பாக ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. அவள் கழுத்துவரை.

முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். அவள் குனிவதற்கு முன்பே தொட்டிலில் குழந்தை இல்லை. காலியான துணி, குழி விழுந்து.

கீழே பார்க்கக்கூடாது.

பார்த்தாள். பட்டுவின் முகம். மூடிய கண்கள். அசைவே இல்லை.

ஆனால் உட்காரும்போது அந்த வாய் மூடியிருந்தது. இப்போது திறந்திருந்தது.