கேட்ட கேள்வி

காலைக் காப்பிக்கு முன் கைச்சுவடியைப் பார்ப்பது தென்காசியில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. மணிக்கட்டில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய பட்டையில் தினமும் ஒரு வரி தோன்றும். “இன்று உங்களைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை.” அதைப் படித்த பிறகுதான் மனிதர்கள் நிம்மதியாகப் பல் துலக்கினார்கள். உலகம்மையும் படித்தாள், பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள்.

முப்பது வருடங்களுக்கு முன் வந்த சட்டம் அது. ஒருவரைப் பற்றிய பதிவுகளை இனி யாரும் திருட்டுத்தனமாகத் துழாவக் கூடாது என்று சொன்னது. எதுவானாலும் கேள்விப்பேழை என்ற அரசுப் பொறியில் பெயர் போட்டுக் கேட்க வேண்டும். கேட்டவர் யார், என்ன கேட்டார் என்பது அந்த நொடியே உரியவரின் கைச்சுவடிக்குப் போய்விடும். அவர் சம்மதித்தால்தான் பதில் வரும். நீதிமன்ற வழக்கு பற்றிக் கேட்டால் மட்டும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று பேழையே சொல்லும்.

சட்டம் எழுதியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பதிலுக்குப் பூட்டு இருந்தது, கேள்விக்கு இல்லை. கேட்ட கேள்வி, யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவருடைய பதிவேட்டில் கடைசிவரை கிடக்கும். பின்னால் வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள். “இவர் குடிப்பவரா?” என்று யாரோ கேட்டிருந்தால் போதும், குடிக்காதவன் பெயரிலும் வாடை ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் கல்யாண விஷயங்கள் பேழையை விட்டு மறுபடி மனிதர்களிடம் வந்தன. வாயால் கேட்டு, காதால் வாங்கி, காகிதத்தில் எழுதித் தருகிறவர்களுக்கு அரசாங்கமே உரிமம் கொடுத்தது. உசாவர் என்று பெயர். உலகம்மை பதினெட்டு வருடமாக உசாவர். அவள் விசாரித்த வீடுகளில், அமையாமல் போன இடத்தில்கூட அவளுக்கு மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

சொந்த மகளுக்கு உசாவராகப் போக உரிமம் இடம் கொடுக்காது. நிறைமதிக்கு வரன் வந்தபோது கூட வேலை பார்க்கும் ஜெபராஜிடம் ஒப்படைத்தாள். மாப்பிள்ளை சேந்தன், முப்பத்தொரு வயது, ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பொறியாளன். நிறைமதி அவனை இரண்டு முறை சந்தித்திருந்தாள். வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண் எதையும் சட்டென்று சொல்கிறவளில்லை. இரண்டாவது முறை பார்த்துவிட்டு வந்து, “நான் பேசுறப்போ அவர் குறுக்க பேசலம்மா” என்று மட்டும் சொன்னாள். அப்பா போன ஒன்பது வருடத்தில் மகளின் முகம் அப்படி மலர்ந்து உலகம்மை பார்த்ததில்லை.

ஜெபராஜ் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். முதலில் சேந்தனையே போய்ப் பார்த்து, “தம்பி, நான் நாலு பேரைப் பார்த்து விசாரிப்பேன். யார் யாரைன்னு உங்களுக்குத் தெரிஞ்சே போவேன். உங்களுக்காக ரெண்டு பேரை நீங்க சொல்லுங்க, ரெண்டு பேரை நான் பாத்துக்கிடுதேன். யாரையாவது வேண்டாம்னாலும் சொல்லலாம்” என்றார். அதே நாளில் நிறைமதியைப் பற்றிய விவரங்களையும், விசாரிக்க நாலு பேரின் பெயர்களையும் அந்தப் பக்கத்து உசாவரிடம் கொடுத்தார். ஒரு வீடு மட்டும் திறந்து காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் வழக்கம்.

காற்றாலையில் மேற்பார்வையாளரைத் தனியாகப் பார்த்தார். கல்யாண விஷயம் என்று மட்டும் சொன்னார், பெண் யார் என்று சொல்லவில்லை. “ஆள் எப்படி?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் “தங்கமான பையன்” என்றுதான் சொல்வார்கள். “அவரோட வேலை பாத்ததுல உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒரு நாளைச் சொல்லுங்களேன்” என்றார். இறக்கை பழுதான ஒரு நாளில், தவறு தன்னுடையது என்று சேந்தன் தானே வந்து சொன்னதை மேற்பார்வையாளர் சொன்னார். படிப்பும் வேலையும் சரியென்று ஜெபராஜ் சான்றுகளைப் பார்த்துக்கொண்டார். உடல்நிலைச் சான்றை இரண்டு வீடும் மாற்றிக்கொண்டன.

வியாழக்கிழமை மதியம் ஜெபராஜ் அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“நல்ல இடம், தங்கச்சி. ரெண்டே விஷயம்தான் பாக்கி. பதினாலு மாசம் பையன் வேலைக்குப் போகல. நாலு வருஷத்துக்கு முந்தி.”

“ஏனாம்?”

“நேராக் கேட்டேன். ‘அது என் விஷயம் மட்டுமில்ல அண்ணாச்சி, இன்னொருத்தர்ட்ட கேட்டுட்டு ஞாயித்துக்கிழமை நிறைமதிட்டயே சொல்லிருதேன்’னார். சரின்னு வந்துட்டேன். அதுதானே முறை?”

“இன்னொண்ணு?”

ஜெபராஜ் கொஞ்சம் தயங்கினார். “பையனோட எதிர்வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்க. அந்தச் சமயத்துல அவர் வீட்டுல ஒரு பொம்பள அழுத சத்தம் கேக்குமாம். ‘நீங்க பாத்தீங்களா’ன்னேன். பாக்கலையாம். அதனால கேள்விப்பட்டதுன்னு தனியா எழுதியிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவர் சொன்ன பிறகும் புரியலன்னா நானே அவர்ட்ட மரியாதையாக் கேட்டுக்கிடுதேன். அதுவரைக்கும் நீ இதை மனசுல போட்டுக் குழப்பாத.”

“நான் என்னைக்கு அண்ணாச்சி குழப்பியிருக்கேன்?” என்று உலகம்மை சிரித்தாள்.

அவர் போன பிறகு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அடுத்தவர் பிள்ளைகளுக்காக எத்தனையோ பேரிடம், “மூணு நாள் பொறுங்க, அவரே சொல்லட்டும்” என்று சொன்னவள்தான். சொந்தப் பிள்ளை என்று வந்ததும் மூன்று நாள் மூன்று வருடமாகத் தெரிந்தது. ஒரு பெண் அழுதிருக்கிறாள், பதினாலு மாதம் எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறான் என்று அவள் மனம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது.

வெள்ளிக்கிழமை முற்பகல், அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில், பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகக் கேள்விப்பேழையின் முன் உட்கார்ந்தாள். சேந்தனின் பெயரைப் போட்டாள். “இவர் வீட்டில் இருந்த பெண்ணைத் துன்புறுத்தியதாக வழக்கு ஏதும் உண்டா?” என்று கேட்டாள்.

பேழை ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. ‘இல்லை.’

அப்பாடா என்று மூச்சுவிட்டவள், கீழே இருந்த சிறிய எழுத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். ‘வீடு குறித்த கேள்வியாதலால், அவ்வீட்டில் வசித்த அனைவருக்கும் இது அறிவிக்கப்பட்டது.’ உடனே திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். ‘உங்கள் வருத்தம் பதிவு செய்யப்பட்டது. கேள்வி நீக்கப்படாது’ என்று வந்தது.

மாலையில் நிறைமதி வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அவருக்கு ஒரு அக்கா இருக்காங்கம்மா. பவளம்னு பேரு. வெள்ளத்துல வீட்டுக்காரரையும் ரெண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவங்க. மனசு நிலைகொள்ளாம இருந்தவங்களைப் பதினாலு மாசம் பக்கத்துலயே இருந்து பாத்திருக்காரு. இப்போ பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக்கொடுக்காங்க. அந்தக் கதை அவங்களோடது, அவங்க சரின்னு சொல்லாம நான் எப்படிச் சொல்லன்னுதான் ஞாயித்துக்கிழமைன்னாராம். அவங்களும் நேத்துதான் சரின்னாங்களாம்.”

உலகம்மை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“இன்னைக்கு வகுப்புல இருக்கும்போது அவங்க கைச்சுவடியில உன் கேள்வி வந்திருக்கு. தம்பி என்னைத் துன்புறுத்துனானான்னு ஊரே கேக்குதுன்னு நெனச்சு, பிள்ளைங்க முன்னாடியே அலறி அழுது…” நிறைமதி அதற்கு மேல் சொல்லவில்லை. “என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா” என்றாள். குரல் உயரவே இல்லை.

மறுநாள் உலகம்மை ஜெபராஜை அழைத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போனாள். சேந்தன் கதவைத் திறந்து, “வாங்க” என்றான், தண்ணீர் கொடுத்தான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

“தப்பு பண்ணிட்டேன், தம்பி. அக்காட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன்.”

“இப்போ வேண்டாம்மா. புது ஆள் குரல் கேட்டாப் பயப்படுதா.” அவன் தரையைப் பார்த்தபடி பேசினான். “பொண்ணைப் பெத்தவங்க பயப்படறதுல தப்பில்ல. எதிர்வீட்டம்மா சொன்னதை அண்ணாச்சி என்ட்ட நேராக் கேட்டிருந்தா, அக்காட்ட கேட்டுட்டு நானே சொல்லியிருப்பேன். நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். என்ட்ட கேக்காம என்னைப் பத்திக் கேட்டீங்க பாருங்க, அதுதான்.”

“நிறைமதிக்கு இதுல எதுவும் தெரியாது.”

“தெரியும்மா. அவங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அக்கா திரும்ப எந்திரிச்சு வர எத்தனை மாசமாகுமோ தெரியல. அதுவரைக்கும் நிறைமதியைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. அவ தேறுனாலும், உங்க முகத்தைப் பாக்கும்போதெல்லாம் அக்காவுக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்.”

வாசல்வரை வந்து வழியனுப்பினான். திரும்பும் வழியில் ஜெபராஜ் அவளைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. திங்கட்கிழமை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நிறைமதி அதற்குப் பிறகு சண்டை எதுவும் போடவில்லை. சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஆனால் வெளியே போய்விட்டு வந்து, இன்றைக்கு இப்படி நடந்தது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். வேறு வரன்கள் வந்தபோது, “இப்போ வேண்டாம்” என்றாள். உலகம்மையும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதற்கே பயமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, நாகர்கோவிலிலிருந்து ஓர் உசாவர் வந்தாள். பெயர் மரகதவல்லி. உரிம அட்டையைக் காட்டிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“சேந்தன்னு ஒருத்தரைப் பத்தி வந்திருக்கேன்மா. அவருக்குத் தெரிஞ்சுதான் வந்தேன், உங்களைப் பாக்கச் சொன்னதே அவர்தான். அவர் ஏட்டுல உங்க கேள்வி ஒண்ணு இருக்கு. பொண்ணு வீட்டுல அதைப் பாத்துட்டு யோசிக்காங்க. சங்கடமா இருந்தா நீங்க பதில் சொல்ல வேண்டாம்.”

“சொல்லுதேன்” என்றாள் உலகம்மை.

நடந்ததை மறைக்காமல் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி கேட்ட சத்தம், தான் போட்ட முடிச்சு, அக்காவுக்காக அவன் வீட்டில் இருந்த பதினாலு மாதம். அக்காவைப் பற்றிச் சொல்லும் முன், “அவங்களைப் பத்தி நான் பேசலாமா? அவங்க சரின்னாங்களா?” என்று கேட்டாள். மரகதவல்லி பவளம் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். பவளம் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

“இதை உங்க பேரைப் போட்டு எழுதலாமாம்மா?”

“போடுங்க. சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லன்னும் எழுதுங்க. பொறுமை இல்லாம கேட்டேன்னு எழுதுங்க.”

மரகதவல்லி எழுதியதைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டுப் போனாள். உலகம்மை தம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, உள்ளறை வாசலில் நிறைமதி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“அந்தப் பொண்ணு யாருன்னு சொன்னாங்களாம்மா?”

“சொல்ல மாட்டாங்கடி. சொல்லக் கூடாது.”

நிறைமதி தலையசைத்தாள். அம்மாவின் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுகிறாயா என்று கேட்க உலகம்மை வாயெடுத்தாள். பிறகு கேட்காமல், அடுக்களை வாசலில் போய் மகள் திரும்பும்வரை நின்றாள்.