உள்ளேன் அம்மா

மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை மடக்கக்கூடப் பொறுமையில்லாமல் படியேறிய அவள், மேலிருந்து இறங்கி வந்தவன்மேல் போய் நேராக மோதினாள். குடையிலிருந்த தண்ணீர் முழுக்க அவன் சட்டையில்!

"பார்த்து வரக்கூடாதா?" என்றான்.

மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தவள் முதலில் அவன் கண்களைத்தான் பார்த்தாள். அமைதியான கண்கள்... எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துப் பழகிய கண்கள். ஆனால் அதை ரசிக்கும் நிலையிலா அவள் இருந்தாள்? அவசரமாக மேலே கை காட்டினாள்.

"மாடியில ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க..."

"அங்கதான் கதவைத் தட்டிட்டு வர்றேன். திறக்கல. நேத்து சாயங்காலத்துல இருந்து டிவி அலறுது. நான் கீழ்வீடு. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லீவு விட்டதே தூங்கத்தான், எங்க விட்டாங்க?" என்று புலம்பினான். கடைசியாக ஒன்று சொன்னான். "அந்தப் பொம்பளை குரல் வேற... ஆள் இல்லாத வீட்ல ஆள் இருக்குற மாதிரி என்னமா நடிக்குது தெரியுமா!"

சுருக்கென்றது அவளுக்கு. ஏனென்றால் அந்தப் பொம்பளை அவள்தான்.

தனியாக இருக்கும் முதியவர்களுக்காகத் தினமும் பொழுது சாயும் நேரத்தில் அவள் ஒரு வீடியோ போடுகிறாள். கறுப்புத் திரையில் கொட்டை கொட்டையாக எழுத்து. ஆடாமல் எரியும் ஒரு விளக்கு. பிரார்த்தனையை ஒரு வரி சொல்லுவாள், அவர்கள் திருப்பிச் சொல்ல இடம் விடுவாள். பிறகு கேள்விகள். இன்றைக்கு எப்படி இருந்தீங்க? மாத்திரை போட்டாச்சா? அடுப்பை அணைச்சாச்சா? கடைசியாக, பக்கத்துல யாராவது இருக்கீங்களா? ஒவ்வொன்றுக்கும் பிறகு, நிதானமாகப் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்குக் காத்திருப்பாள், தலையசைப்பாள். அந்த இடைவெளியில் சத்தத்தை அடியோடு நிறுத்த மாட்டாள். நிறுத்தினால், டிவி கெட்டுப்போச்சு என்று பதறி எழுந்து தடுமாறுவார்கள். அதனால் தன் அறையின் மின்விசிறிச் சத்தத்தை மெல்லிசாக ஓடவிடுவாள். நடுவில் விளம்பரம் கிடையாது. முடிந்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிடக் கூடாதென்று, பழைய வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும்படி வைத்திருந்தாள்.

டீச்சர் அதைத் தவறவிட்டதே இல்லை. விளக்கு தெரிந்ததும் கமெண்ட் வந்துவிடும், 'உள்ளேன் அம்மா' என்று. ஆயுசு முழுக்க வருகைப் பதிவு எடுத்தவருக்குத் தன் பெயருக்குத் தானே பதில் சொல்வதில் ஒரு குஷி. ஒருமுறை மைக்குக்கு மழையில் குளிருமே என்று கம்பளியில் ஒரு தொப்பி பின்னிக்கூட அனுப்பியிருந்தார். அந்தப் பார்சலில் இருந்த முகவரிதான் இப்போது அவளை இங்கே இழுத்து வந்திருக்கிறது. ஏனென்றால் நேற்று 'உள்ளேன்' வரவில்லை.

"அது என் குரல்தான்" என்றாள்.

அவன் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிட்டது. அவள் நின்று பார்க்கவில்லை. மேலே ஓடினாள்.

கதவுக்கு உள்ளே... அவளே பேசிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கனிவாகக் கேட்டது அவள் குரல். பிறகு மின்விசிறிச் சத்தம். பதில் இல்லை. "ரொம்ப சந்தோஷம்" என்றது குரல். எதற்கு சந்தோஷம்? யார் என்ன சொன்னார்கள்? தன் குரலைக் கேட்டு அவள் பயந்தது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

"நேத்து டீச்சர்கிட்ட இருந்து ஒரு வார்த்தையும் வரலைங்க!" என்று அவள் கத்தியதும், அவன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்து கதவை ஓங்கி ஓங்கி அடித்தான். "டீச்சர்! டீச்சர்!" உள்ளே அவள் குரல் விடாமல் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தது. தேன் மாதிரி, நெஞ்சே இல்லாத மாதிரி.

"அடிக்காதீங்க... இதை முதல்ல நிறுத்தணும். கரண்டைக் கட் பண்ண முடியுமா?"

மீட்டர் பெட்டி படிக்கட்டுக்கு அடியிலேயே இருந்தது. அவன் தாவி இறங்கி டீச்சர் வீட்டு சுவிட்சைத் தட்டினான். அவள் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. மழைச் சத்தம் மட்டும்.

அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வீடியோவில் பேசுகிற அதே நிதானத்தை எங்கிருந்தோ பிடித்து இழுத்து வந்தாள். "டீச்சர்... இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

மேலே ஓடிவந்த அவன் திரும்பக் கூப்பிட வாய் திறந்தான். கையமர்த்தினாள். வயசானவர்கள் மூச்சைச் சேர்த்துப் பதில் சொல்ல நேரமாகும், அதற்குத்தானே இத்தனை நாளாகக் காத்திருந்து பழகியிருக்கிறாள். காத்திருந்தாள். ஒன்றுமில்லை. இன்னும் காத்திருந்தாள். தெரியாமலேயே அவன் ஈரச் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

உள்ளே தரையில்... டொக்... டொக்.

"அது மூக்குக்கண்ணாடிக் கூடு. டீச்சருக்கு நான் கொடுத்த கூடு!" என்றவன் தோளால் ஒரே இடியாக இடித்தான். தாழ்ப்பாள் தெறித்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் டீச்சர் கிடந்தார். உதடு காய்ந்து, இடுப்பை அசைக்க முடியாமல்... ஆனால் கண் திறந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் மருத்துவமனையில், டீச்சரின் கட்டிலோரம் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். இனி வீடியோ போடப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். விழுந்து கிடந்தவரை யாருமே தேடாதபடி, ஓயாமல் பேசி மறைத்தது தன் குரல்தானே. அவன் சொன்னது சரி, எல்லாம் நடிப்பு. இன்னொரு வீட்டில் இதே மாதிரி ஆகிவிட்டால்?

"நீ கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் சொல்லிட்டுத்தாம்மா கிடந்தேன்" என்றார் டீச்சர்.

"எனக்குக் கேக்கவே இல்லையே டீச்சர்..."

"கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அடுத்த கேள்வி வரும்னுதான் கண்ணை மூடாம கிடந்தேன்." சற்று மூச்சு வாங்கினார். "நிறுத்தாதே. ஆனா உள்ளேன்னு சொல்லாதவங்களுக்கு ஒரு போன் போட்டு விசாரி. அட்டெண்டன்ஸ் எடுத்தா மட்டும் போதுமா?"

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கையில் டீச்சருக்குப் புதுக் கண்ணாடி. உள்ளே வரலாமா என்ற தயக்கம். அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நடிப்புன்னு சொன்னேன்ல..." என்றான் மெல்ல. "உங்க மேல இருந்த கோபம் இல்லைங்க. என்மேல. கடையை மூடிட்டு வந்தா என் வீட்லயும் யாரும் கிடையாது. சாப்பிட்டீங்களான்னு மேல இருந்து உங்க குரல் கேட்கும். சாப்பிட்டேன்னு கீழ இருந்து சொல்லுவேன். ஒருநாள் சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு சொல்லிட்டு, எந்திரிச்சுப் போய்ச் சமைச்சேன். முகம் தெரியாத ஒருத்திக்குப் பொய் சொல்ல மனசு வரலை... இதெல்லாம் என்ன பைத்தியக்காரத்தனம்னு என்னையே திட்டிட்டு இருந்தேன்."

அவளுக்கு நிமிரத் தைரியம் வரவில்லை. இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது... காதெல்லாம் சூடாக.

ஜன்னலில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் கண்ணை மூடி, "ஆரம்பிம்மா" என்றார். மைக் இல்லை, விளக்கு இல்லை. ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஒவ்வொரு வரியையும் டீச்சர் திருப்பிச் சொன்னார். கடைசியில் எப்போதும் கேட்கிற அந்தக் கேள்வியும் வந்தது.

"பக்கத்துல... யாராவது இருக்கீங்களா?"

வழக்கம்போலக் காத்திருந்தாள். டீச்சர் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

"உள்ளேன்" என்றான் அவன்.

இந்த முறை அவளுக்குக் கேட்டது.