எவரும் கேளாத முறையீடு

ஸ்டெல்லா மச்சாது, தூத்துக்குடி மிதவைத்திடல் கிரிக்கெட் சங்கத்தின் தலைவி; அணித்தலைவரும் அவரே. ஆட்டநாளில் காலை உணவு கொள்ளார். ஆடுகளத்தை மிதியாமல் சுற்றிவருவார். புதிய உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் தாமே செய்தி எழுதுவார். அன்று காலையும் எழுதி அனுப்பியிருந்தார்:

"பந்து வீசப்படும்போது பார்வைத் திரையின் குறுக்கே நடவாதீர். தரையைத் தொட்ட பந்தைப் பிடித்ததாகச் சொல்லாதீர். தீர்ப்பு எதுவாயினும் முகம் சுளியாதீர். எதிரணியினர் எவரேனும் விழுந்தால், முதலில் தூக்கிவிடுங்கள்."

"யக்கா, கடைசி வரிக்குப் புள்ளி உண்டா?" என்று கேட்டான் புதியவன் இசக்கிராஜ்.

"இல்ல."

"அப்போ எதுக்கு?"

கடல் நிலத்தை விழுங்கிய பின், மிதவைத்திடல்கள் புள்ளிக்கணக்கில்தான் சங்கங்களுக்கு ஒதுக்கப்பட்டன. அன்று தோற்றால் திடல் கைவிட்டுப் போகும். ஸ்டெல்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில், எதிரணியான காயல்பட்டினத்துக்கு வெல்ல இன்னும் ஏழு ஓட்டங்கள் தேவை. கைவசம் இரண்டே விக்கெட்டுகள். எஞ்சியவர்களுள் நூகு லெப்பை ஒருவரே மட்டைபிடிக்கத் தெரிந்தவர். பந்தைத் தட்டிவிட்டு ஓடிய அவர், குறுக்கே நின்ற பந்துவீச்சாளன் இசக்கிராஜ்மீது மோதி விழுந்தார். அவர் எழுமுன், யாரோ எறிந்த பந்து குச்சிகளைச் சாய்த்தது.

அவுட் கேட்டு ஒருவரும் முறையிடவில்லை. ஆயினும், "முறையீடு ஏற்கப்பட்டது. ரன் அவுட்," என்றது நடுவராக நின்ற எந்திரமான நடுவனி.

களத்தடுப்பாளர் செவியிலிருக்கும் கேட்பான் என்னும் கருவி, விக்கெட் வாய்ப்பை உணர்ந்ததும் அவர் சார்பில் தானே முறையிட்டுவிடும். கேட்பானை மாட்டிக்கொண்டே பயிற்சிக் கூடத்தில் பழகிய இளைஞர்கள் வாயால் முறையிட்டதே இல்லை.

நூகு முழங்காலைப் பிடித்தபடி எல்லைக்கோட்டை நோக்கி நடந்தார். "ஆள மறிச்சு விக்கெட் எடுக்கிறிய. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கிய," என்றார் போகிறபோக்கில்.

இசக்கிராஜ் ஸ்டெல்லாவிடம் ஓடிவந்தான். "நான் வேணும்னு நிக்கலக்கா. கேக்கவும் இல்ல. கேட்பான்தான் கேட்டுச்சு."

"தெரியும்ல."

முறையீட்டைத் திரும்பப் பெறும் உரிமை அணித்தலைவருக்கு உண்டு. ஆனால் மட்டையாளர் எல்லையைக் கடக்குமுன் கோரவேண்டும். நடுவனியின் இசைவும் வேண்டும். அவ்வுரிமையைப் பல ஆண்டுகளாக எவரும் கோரியதில்லை.

ஸ்டெல்லா நடுவனியை நோக்கி விரைந்தார்.

"திரும்பப் பெற்றால் உங்கள் வெற்றி வாய்ப்பு ஐம்பது விழுக்காட்டுக்கும் கீழே போகும்," என்றது அது. "இசைவு தரலாம். காரணம்?"

"யக்கா, திடல் போயிருமே," என்றான் பின்னால் வந்த இசக்கிராஜ். "நமக்கு வேற இடம் கிடையாதுக்கா."

நூகு எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டார். ஸ்டெல்லா அவரைப் பார்த்தார். பிறகு, தம்மையே பார்த்துக்கொண்டிருந்த புதியவர்களைப் பார்த்தார்.

"எங்களில் எவரும் முறையிடவில்லை," என்றார். "திரும்பப் பெறுகிறேன். அவரைக் கூப்பிடுங்கள்."