நான்கு நிமிடத் தாமதம்

அன்று கதைக்கூடத்தில் இருந்தவர்கள்: காற்றுக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பது பேர், வறுத்த பாசியைக் கொறித்துக்கொண்டிருந்த பவளக்கொடி அக்கா, கண்ணீர்மானி என்ற இயந்திரம், முதல் வரிசையில் காற்று மேலாளர் திருமேனி, பின்னால், கட்டுப்பாட்டு மேசையில், அவர் மகள் கோதை. பனிவெட்டிகள் யாரும் இல்லை. அவர்களுக்குக் காட்சி வியாழக்கிழமை.

யூரோப்பா நிலவின் பனிக்கடியில் அந்தக் குடியிருப்பு உருவாகி இருநூறு வருடம் ஆகிறது. மேல்தளத்தில் இருப்பவர்கள் காற்று செய்பவர்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காகப் பனி வெட்டுபவர்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு நாள் உயிர் வாழ முடியாது. ஆனால் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் கிடையாது.

வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் அவரவர் நாளில் கூடத்துக்கு வந்து, காதுக்குப் பின்னால் பதித்த உணர்மணியைத் தட்டிவிட்டுச் சாய்ந்துகொள்வார்கள். கதை நேராக நெஞ்சுக்குள் ஓடும். ஒரே கதைதான். பகை கொண்ட இரண்டு வீடுகள், ஒரு பையன், ஒரு பெண்.

அந்தக் கதையை இழைத்தவள் கோதை. இருவரும் சாகப்போகிறார்கள் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவாள். முடிவு தெரிந்துவிட்டால் 'என்ன ஆகும்' என்று யாரும் யோசிப்பதில்லை. எங்கே தடுத்திருக்கலாம் என்றுதான் தேடுவார்கள். பெண் சாகவில்லை, மயக்கத்தில் இருக்கிறாள் என்ற சேதி பையனுக்கு நான்கு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரும். ஒரு மணி நேரம் என்று வைத்துப் பார்த்தாள். 'விதி' என்று கொட்டாவி விட்டார்கள். நான்கு நிமிடம் என்றால் இருக்கையிலிருந்து எழுந்து ஓடப் பார்க்கிறார்கள். நூறாவது தடவையும், இன்றாவது சேதி முந்திவிடாதா என்று ஏங்குகிறார்கள். இருவரும் இருபதைத் தாண்டாமல் சாகிறார்கள். அதனால் அந்தக் காதலுக்குக் குறட்டை தெரியாது, குழம்பில் உப்புக் குறைந்த சண்டை தெரியாது. அவரவர் தொலைத்த ஒன்று அங்கே கெடாமல் இருக்கிறது.

ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. கண்ணீர்மானியின் முள் சாவில் உச்சத்துக்குப் போவதில்லை. பிணங்களுக்கு மேலே இரண்டு அப்பாக்களும் கைகோத்துக்கொள்ளும்போதுதான் போகிறது.

கோதைக்கு ஒருவன் இருந்தான். சிலம்பன், பனிவெட்டி. வேலை முடிந்ததும் கீழே தண்ணீர்க் குழாயை மூன்று முறை தட்டுவான். மேலே அவள் அறைச் சுவர் மூன்று முறை அதிரும். பதினோரு வாரமாக அவன் கையைத் தொட்டதில்லை. தினமும் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த அதிர்வு அடங்கிய பிறகும் எடுக்க மனம் வராது.

காலையில் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்: 'இன்று அப்பாவிடம் பேசிவிடுகிறேன். ஆறு மணிக்கு மின்தூக்கி அருகே நில்.'

அதற்காகவே இன்று சேதியை நான்கு நிமிடம் முன்னால் இழுத்துவைத்தாள். கதையில் பையன் சாகாமல் நின்றான். பெண் கண் விழித்தாள். இருவரும் கைகோத்து வெளியே நடந்தார்கள்.

 பவளக்கொடி அக்கா எழுந்தாள்.

"என்ன கோதை இது, வயித்துல ஈரத்துணியைக் கட்டுன மாதிரி? அழலாம்னு ரெண்டு கைக்குட்டை கொண்டாந்தேன்."

"சோத்துக்கு என்ன பண்ணுங்க ரெண்டும்?" என்றது ஒரு குரல்.

திருமேனி திரும்பிப் பார்த்தார். "ரெண்டும் தப்பிச்சுட்டா பெத்தவங்க எப்படிம்மா திருந்துவாங்க? பழசையே போடு."

போட்டாள். சேதி நான்கு நிமிடம் பிந்தியது. அப்பாக்கள் கைகோத்தார்கள். திருமேனி குலுங்கிக் குலுங்கி அழுதார். முள் ஓரத்தைத் தொட்டது.

வீட்டுக்கு நடக்கும்போதும் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "பாவம்மா அதுங்க. பெத்தவனுங்களா அவனுங்க? கல்லு."

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்தாள். வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள். பெயரை, தளத்தை, ஆறு மணிக்கு அவன் காத்திருப்பதை, எல்லாவற்றையும்.

அவர் கோபப்படவில்லை. அவள் தோளில் கைவைத்து அவளை அறைவரை கூட்டிக்கொண்டு போனார்.

"இப்பத்தானேப்பா அழுதீங்க?"

"அதுங்க செத்துப்போச்சும்மா. உசுரோட இருக்கிறதுங்களுக்கு யாராவது அழுவாங்களா?"

காற்றுக் கசிவுக்குப் பயந்து, அந்தக் குடியிருப்பில் எந்தக் கதவையும் வெளியிலிருந்து பூட்ட முடியாதபடி செய்திருந்தார்கள். அவள் கதவில் மட்டும் ஒரு கொண்டி புதிதாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. பற்றவைத்த இடம் நன்றாக ஆறியிருந்தது. கூடத்துக்கு வருவதற்கு முன்பே செய்த வேலை.

சுவர் மூன்று முறை அதிர்ந்தது. அவன் புறப்படுகிறான்.

அவள் உள்ளே போனாள். திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரமும் பழைய முடிவுதானே?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தி, பூட்டினார்.