வெண்டைக்காக ஒரு மழைப்பாட்டு

மலேசியாவில், எங்கள் கிள்ளான் வட்டாரத்தில் என் தோழி லோகேஸ்வரி மாதிரி பாட்டுக் கட்ட ஆளே கிடையாது. இந்த நடாலி சும்மா அளக்கிறாள் என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள்.

லோகாவின் அம்மா சந்திரகலா ஆன்டி, காய்கறி விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். மழைக்காலத்துக்கு முன்னால் சங்கம் கூடும். யார் எதை எத்தனை பாத்தி விதைக்கப் போகிறார்கள் என்று பெயர் கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் எல்லாருக்கும் சேர்த்து விதை வாங்குவார்கள். இந்த முறை மழையை வரவேற்று ஒரு பாட்டு வேண்டுமாம். லோகாதான் எழுதினாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொது மண்டபத்தில் நாற்காலி போடும்போது பாடிக் காட்டினாள்.

"கொட்டு கொட்டு வான்மழையே
கரை உடையக் கொட்டி வா!"

நான் கை தட்டினேன். எங்களோடு நாற்காலி போட்ட கன்னையா அங்கிள் கையிலிருந்த நாற்காலியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"போன வருஷம் கரை உடைஞ்சு அவர் வெண்டை எல்லாம் தண்ணியில போச்சுலா," என்றார் பக்கத்தில் நின்ற ஆன்டி மெதுவாக. "இந்த வருஷம் விதைக்கவே மாட்டேங்கிறார்."

லோகாவின் முகம் சுண்டிவிட்டது. "ஐயையோ! நான் வெள்ளத்தையே கூப்பிட்டுட்டேன் நடாலி!"

நானாக இருந்தால் வீட்டுக்கு ஓடியிருப்பேன். அவள் நேராக அவரிடமே போனாள்.

"சாரி அங்கிள். மழை எப்படி வந்தா உங்க வெண்டைக்குப் பிடிக்கும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெண்டைக்கா? விதை போட்ட அன்னிக்குத் தூறல் போதும். அடிச்சுப் பெஞ்சா விதை மிதந்துடும். நாலு இலை விட்டா நல்லா நனையலாம். பூ விடும்போது பலமா பெய்யக்கூடாது, பூ கொட்டிடும்."

லோகா எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். எழுத இடம் போதாமல் என் கையையும் வாங்கிக்கொண்டாள்!

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. "நான் அடி எடுத்துக் கொடுப்பேன். நீங்க எல்லாரும் 'மெல்ல வா மழையே'ன்னு பின்பாட்டுப் பாடணும்," என்றாள் லோகா.

"விதை தூவும் நாளையிலே தூறலாக வா!"

"மெல்ல வா மழையே!"

"நாலு இலை விட்ட பின்னே நனைச்சுப் போக வா!"

"மெல்ல வா மழையே!"

"பூவிருக்கும் வேளையிலே பூப்போல வா!"

"மெல்ல வா மழையே!" மண்டபமே அதிர்ந்தது. கடைசி வரிசையில் யாரோ நாற்காலியில் தாளம் போட்டார்கள். திரும்பிப் பார்த்தால், கன்னையா அங்கிள்!

பிறகு ஆன்டி பெயர்களைக் கூப்பிட்டார். "கன்னையா அண்ணே?"

அங்கிள் எழுந்தார். லோகா என் கையை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது.

"வெண்டை, ரெண்டு பாத்தி," என்றார் அங்கிள். "வேணாம், மூணா எழுதிக்கோங்க. மழைக்கு மரியாதை சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு ஒரு பாத்தி!"