பத்து கோடி வயதுக்காரர் கடத்தல்

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிக்கப்படுவது...

அரியலூர் மண்ணில் பத்து கோடி ஆண்டுகளாக வாழ்ந்து, செத்து, கல்லாகி, அதன் பிறகும் அடக்கமாக இருந்த ஒரு பெரியவர் திங்கட்கிழமை காலையில் காணாமல் போனார்.

"ஆளு எப்படி இருப்பாரு?" போனில் இன்ஸ்பெக்டர் முத்தமிழ்செல்வன் கேட்டார்.

"நத்தை மாதிரி சுருண்டு இருப்பாரு சார். லாரி டயர் சைஸ்."

"வயசானவங்க அப்படித்தான் மேடம், சுருண்டுக்குவாங்க. வூட்ல ஏதும் சண்டையா?"

"கல்லு சார். கடல் பிராணி, கல்லாயிடுச்சு. தொல்லுயிர் மியூசியத்துலேருந்து பேசறேன்."



"...வரேன்."

வந்தார். அனுசுயா காலிப் பீடத்தைக் காட்டினாள். தனியார் டிரஸ்ட் நடத்தும் அந்த மியூசியத்துக்கு அவள்தான் காப்பாளர். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வாளி வைப்பவளும் அவளே.

"யார் மேல சந்தேகம்?"

"பெரம்பலூர் வைரக்கண்ணு."

"குவாரிக்காரரா? அவருக்கு எதுக்கு கல்லு? மலையே வச்சிருக்காரே."

"மொத்தக் கூரையும் போட்டுத் தரேன்னாரு. வாசல்ல அவர் பேர் போடணுமாம். போன மாசம் டிரஸ்ட் கூடி வேணாம்னுட்டோம்."

"சும்மா வர்ற காசும்மா..."

"ஊர்க் கிணறெல்லாம் வத்தற ஆழத்துக்குத் தோண்டுனவரு சார். இந்த மாதிரி எத்தனையோ கல்லை அரைச்சு ஜல்லியாக்குனவரு. அவர் பேரை நாங்க மாட்டுனா, நல்லவர்னு நாங்களே முத்திரை குத்துன மாதிரி."

"கூரை விழுந்தா உள்ள இருக்கற மீதிக் கல்லு?"

அனுசுயா நிரம்பிய வாளியை மாற்றி வைத்தாள். போன மாதக் கூட்டத்திலும் இதே கேள்வி வந்தது.

அப்போது வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார் டிரஸ்ட் தலைவர் குருநாதன். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். கொட்டாவி விட்டாலும் அதில் தலைமையுரையின் சாயல் இருக்கும்.

"போலீசெல்லாம் எதுக்கும்மா... நான்தான் வித்தேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"கறை படிஞ்ச காசு வேணாம்னு நீதானே சொன்ன? அதான் சுத்தமான காசைத் தேடிப் போனேன். சென்னை புரோக்கர் மூலமா. வாங்குனவர் தன்னடக்கமானவர், பேர் வேணாம்னுட்டார். அதே இனத்துல நம்மகிட்ட இன்னும் பதினொண்ணு கிடக்கு. வெளிநாட்டு மியூசியமெல்லாம் விக்கறதில்லையா?"

"விக்கலாம் சார். ரெட்டையா இருக்கறதை டிரஸ்ட் கூடித் தீர்மானம் போட்டு, வேற மியூசியத்துக்கு வேணுமான்னு முதல்ல கேட்டு விக்கலாம். வர்ற காசு வேற பொருள் வாங்கவும் இருக்கற பொருளைப் பேணவும்தான். கூரைக்கும் கரண்ட் பில்லுக்கும் விக்க ஆரம்பிச்சா, கடைசில கூரை இருக்கும். கீழ ஒண்ணும் இருக்காது."

"அதான் பதினொண்ணு..."

"அது பதினொண்ணும் உள்ளங்கை சைஸ். இதைக் கொளஞ்சி அண்ணன் காரை கிராமத்துல கிணறு வெட்டறப்ப எடுத்து, ஊர் சனம் பாக்கட்டும்னு சும்மா குடுத்தாரு. இனிமே யாரு நம்பிக் குடுப்பா?"

"மியூசியத்தைப் பூட்டிட்டா மட்டும் சனம் பாக்குமா?" என்றார் குருநாதன்.

அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் அனுசுயா வாய் திறப்பதற்குள் வாசலில் ஹாரன்.

ஒரு டிப்பர். அதன் நடுவே, ரோஜா மாலை சூடி, அந்தப் பெரியவர்! பக்கத்தில் வெள்ளை வேட்டியில் வைரக்கண்ணு.

"தங்கச்சி, வாங்குனது நான்தான். இந்தா, மியூசியத்துக்கே தானமாத் திருப்பித் தரேன். வாசல்ல பேர் மட்டும் போட்டுருங்க."

"உங்க தானம் வேணாம்னு தீர்மானமே போட்டாச்சு."

"போட்டீங்க. இப்ப உங்க பேங்க்ல கிடக்கறது யாரு காசு?"

குருநாதன் காலிப் பீடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பார்வைக்கு ஓரளவு பொருத்தமாகவே இருந்தது.

"வாங்கிக்கலைன்னா?" அனுசுயா கேட்டாள்.

"எங்க வூட்டு ஹால்ல டீவிக்குப் பக்கத்துல கிடக்கும். ஊர் சனம் எதுக்குப் பாக்கணும்?"

பெயரைப் போட்டால் மானம் போகும். போடாவிட்டால் கல் போகும்.

அனுசுயா திரும்பினாள்.

"சார், டிரஸ்ட் சொத்தைத் தீர்மானம் இல்லாம விக்கறது நம்பிக்கை மோசடிதானே? எழுதிக்கங்க."

"அனுசுயா... நான் உன்னோட பிரின்சிபால்."

"ஆமா சார். காப்பியடிச்சதுக்கு என் ஃபிரண்டை டிஸ்மிஸ் பண்ணுனீங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "அப்ப இது வழக்குச் சொத்து. வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க."

"என் கல்லு சார்..." என்றார் வைரக்கண்ணு.

"மாலையை மட்டும் எடுத்துக்கங்க."

கோர்ட்டில் டிரஸ்ட் கல்லைக் கேட்டது. காசு கொடுத்து வாங்கியவன் என்று வைரக்கண்ணு கேட்டார். விக்கறதா இருந்தா எனக்கே குடுங்க என்று கொளஞ்சியும் கேட்டார். மூவரில் யாருடையது என்று முடிவாகும் வரை கல் போலீஸ் வசமே இருக்கலாம் என்றது கோர்ட்.

இப்போது அது ஸ்டேஷன் முற்றத்தில், பிடிபட்ட மணல் வண்டிகளுக்கு நடுவே கிடக்கிறது. விற்க முடியாது. தானம் தர முடியாது. யார் பெயரும் இல்லை. கையெழுத்துப் போட வருகிற ஜாமீன்காரர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

மியூசியத்துக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை.